வீட்டுமனை விற்பனைக்கான கூகுள் தேடல் விளம்பரம்: படிநிலை இலக்குகளும் விசாரணைகளின் தரச் சோதனையும்

காட்பாடிப் பக்கம் ஒரு மனைப்பிரிவை விற்பனைக்குக் கொண்டுவந்திருப்பவர், கூகுள் தேடலில் விளம்பரம் கொடுத்த முதல் மாதத்தில் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே இருப்பார். நாள்தோறும் இரண்டு மூன்று பேர் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் மாதம் அந்த எண்களுக்குப் பேசிப் பார்த்த விற்பனையாளர், இவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு அறை கேட்கிறார்கள், சிலர் தரகர்கள், சிலர் தொலைபேசியையே எடுப்பதில்லை என்று சொல்லத் தொடங்குவார். விளம்பரக் கணக்கோ, ஒரு விசாரணைக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே வருவதாகக் காட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான். படிவம் நிரப்பப்படுவதையே இலக்காகக் கொடுத்தால், படிவத்தை எளிதில் நிரப்புகிறவர்களைத் தேடிப் பிடிப்பதைத்தான், யாருக்கு என்ன விலையில் விளம்பரம் காட்டுவது என்று தானே முடிவெடுக்கும் கூகுளின் தானியங்கி ஏலமுறை கற்றுக்கொள்ளும். அவர்கள் மனை வாங்குகிறவர்களா என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

பதிவான கிரயத்தை மட்டும் இலக்காகக் கொடுப்பதும் உதவாது. மனை வாங்குகிறவர் முதலில் விசாரித்து, இடம் பார்த்து, பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டி, வங்கிக் கடனுக்கு அலைந்து, கிரயம் செய்வதற்குள் மாதங்கள் கடந்துவிடும். அவ்வளவு தாமதமாகவும் மிகக் குறைவாகவும் கிடைக்கும் தகவலைக் கொண்டு எந்த ஏலமுறையும் கற்க முடியாது. ஆகவே, பணம் கைக்கு வரும் கட்டத்துக்கு இயன்றவரை நெருக்கமானதாகவும், அதே வேளையில் விரைவாகவும் அடிக்கடியும் நிகழக்கூடியதாகவும் உள்ள ஒரு படிநிலையைத் தேர்ந்தெடுத்து, அதையே இலக்காக்க வேண்டும். அந்தப் படிநிலையை எப்படி வரையறுப்பது, எப்படி அளப்பது, கூகுளுக்கு எப்படித் திருப்பி அனுப்புவது என்பதை, வேலூர் மாவட்டத்து மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

விளம்பரத்தைத் தொடங்கும் முன்

பதிவுக்கு உட்பட்ட மனைத் திட்டத்தை, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி மாநில ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகாமல் இருந்தால் பதிவு தேவையில்லை. விளம்பரத்தில் ஆணையத்தின் இணைய முகவரியும் பதிவு எண்ணும் இடம்பெற வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. பதிவு எண்ணையும் டிடிசிபி ஒப்புதல் எண்ணையும், விளம்பரத்தைக் கிளிக் செய்தால் திறக்கும் பக்கத்தின் மேற்பகுதியிலேயே போடுவது சட்டத்துக்காக மட்டுமல்ல. அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே தம் கைபேசி எண்ணைக் கொடுக்கிறவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். விலையையும் அப்படியே வெளிப்படையாகப் போடுங்கள். “விலைக்கு அழைக்கவும்” என்று எழுதினால் விசாரணைகள் கூடும். கூடுகிறவற்றில் பெரும்பகுதி வீணாகவே போகும்.

வேலூருக்கே உரிய தேடல் சிக்கல்

வேலூரில் “வீடு”, “இடம்” என்று தேடுகிறவர்களில் பலர் வாங்க வந்தவர்கள் அல்லர். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் சில வாரங்கள் தங்க அறை தேடுவார்கள். வி.ஐ.டி. மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் விடுதியோ வாடகை வீடோ தேடுவார்கள். இவர்களுடைய தேடலும் மனை வாங்குகிறவருடைய தேடலும் ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

இதைக் குறைக்க முதலில் இட அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். கூகுள் விளம்பரக் கணக்கில் இயல்பாக இருக்கும் `Presence or interest` என்ற தேர்வு, வேலூரைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். அதை மாற்றி, அந்த ஊரில் இருப்பவர்களுக்கும் அடிக்கடி வந்து போகிறவர்களுக்கும் மட்டும் காட்டும் `Presence` தேர்வை எடுத்து, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை ஒரு விளம்பரத் தொகுதியில் வையுங்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் மனை வாங்குகிறவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும். அவர்கள் இடம் பார்க்க வார இறுதியில்தான் வருவார்கள். அவர்களுடைய காலக்கணக்கே வேறு.

அடுத்தது, தேடலில் இருந்தால் விளம்பரம் காட்டப்படாத விலக்குச் சொற்களின் பட்டியல். வாடகை, அறை, லாட்ஜ், விடுதி, போகியம், லீஸ் ஆகிய சொற்களைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும், `rent`, `vadagai`, `room`, `hostel` என மக்கள் தட்டச்சிடும் வடிவங்களிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றைச் சேர்த்தால் அதே பொருளுடைய மற்றொரு சொல்லையும் கூகுள் தானாக விலக்கிவிடும் என்று நம்பக் கூடாது. `cmc` என்பதை மட்டும் விலக்க வேண்டாம். அந்த மருத்துவமனையில் பணிபுரிகிறவர்களும், அதன் அருகில் முதலீடு செய்ய நினைப்பவர்களும் அந்தச் சொல்லைக் கொண்டே மனை தேடுவார்கள். பட்டா பார்ப்பது, வழிகாட்டி மதிப்பு பார்ப்பது போன்ற தேடல்களை விலக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே சொத்து வைத்திருப்பவர்களுடையவை. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

முதல் ஆறு வாரங்களுக்குத் தேடல் சொல் அறிக்கையை வாரம் இருமுறை திறந்து, மக்கள் உண்மையில் என்ன தட்டச்சிட்டார்கள் என்று படிப்பதைத் தவிர்க்கக் கூடாது.

ஐந்து படிநிலைகள்

நம் மனைப்பிரிவுக்கு ஐந்து படிநிலைகள் போதும். படிவம் நிரப்புவது விசாரணை. நம்மவர் பேசி உறுதிப்படுத்திய பின் அது தகுதியான விசாரணை. மனைப்பிரிவுக்கு நேரில் வருவது இடம் பார்த்தல். அதன்பின் முன்பணம், இறுதியில் கிரயப் பதிவு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே 2016 சட்டம் சொல்வதால், முன்பணம் என்ற படிநிலையில் பெரும்பாலும் சிறு தொகையே கைமாறும். அந்தத் தொகையின் அளவு இங்கே முக்கியமில்லை. பணம் கொடுத்தவர் முடிவெடுத்துவிட்டார் என்பதே முக்கியம்.

கூகுள் கணக்கில் முன்பணம் வரையிலான நான்குக்கும் தனித்தனிக் கன்வெர்ஷன்களை, அதாவது கணக்கு எண்ணிப் பார்க்கும் நிகழ்வுகளை, தொடக்கத்திலேயே உருவாக்கிவிடுங்கள். ஒரே கிளிக்கில் வந்தவர் இரண்டு முறை படிவம் நிரப்பினால் இரண்டாக எண்ணாதபடி, எண்ணும் முறையை `One` என்று வையுங்கள். கிளிக் நடந்த பின் எத்தனை நாள்வரை கணக்கில் கொள்ளலாம் என்ற கால வரம்பு இயல்பாக 30 நாளாக இருக்கும். அதை 90 ஆக்குங்கள்.

கிளிக்கின் அடையாளத்தைப் பிடித்து வைத்தல்

இடம் பார்க்க வந்தவர் எந்தத் தேடலின் வழியாக வந்தார் என்பதை அறிய, ஒவ்வொரு கிளிக்குக்கும் கூகுள் தரும் `gclid` என்ற அடையாளத்தை அவருடைய பெயரோடும் எண்ணோடும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். கணக்கு அமைப்பில் `Auto-tagging` இயங்கினால் இந்த அடையாளம் பக்கத்தின் முகவரியோடு ஒட்டிக்கொண்டு வரும். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தை வைத்து அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

```html
<input type="hidden" name="gclid" id="gclid">
<script>
  var p = new URLSearchParams(location.search);
  var g = p.get('gclid') || localStorage.getItem('gclid');
  if (g) {
    localStorage.setItem('gclid', g);
    document.getElementById('gclid').value = g;
  }
</script>
```

இதைப் போட்ட பின், முகவரியின் முடிவில் `?gclid=test123` என்று நீங்களே சேர்த்துப் பக்கத்தைத் திறந்து, படிவத்தை நிரப்பி, உங்கள் பதிவேட்டில் `test123` வந்து சேர்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து பதிவேட்டின் `gclid` நெடுவரிசை முழுவதும் வெறுமையாக இருப்பதைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர். அதற்குள் போனது திரும்பாது.

நம் பகுதியில் படிவத்தைவிட வாட்ஸ்அப் பொத்தானையே அதிகமாக அழுத்துவார்கள். பொத்தானை அழுத்தியதும் நேராக வாட்ஸ்அப் திறந்துவிட்டால் அடையாளம் அங்கேயே தொலைந்துவிடும். எனவே பெயரும் எண்ணும் கேட்கும் இரண்டு கட்டங்களை முதலில் காட்டி, அவற்றைச் சேமித்த பிறகே வாட்ஸ்அப்பைத் திறக்கச் செய்யுங்கள். எண்ணிக்கை சற்றுக் குறையும். அந்தக் குறைவை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இந்த எண்ணுக்கு மனை தொடர்பாக அழைப்போம் என்ற ஒரு வரியைப் படிவத்தின் கீழே தெளிவாகப் போட்டு, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரச் சோதனை

இந்த முறை முழுவதும் நிற்பதும் விழுவதும் தொலைபேசியில் பேசுகிறவரிடம்தான். “நல்ல பார்ட்டி”, “சுமார் பார்ட்டி” என்று அவரவர் மனத்துக்குத் தோன்றியபடி குறித்தால், கூகுளுக்கு நாம் அனுப்புவது வெறும் மனநிலையாகிவிடும். ஆகவே, தகுதியான விசாரணை என்பதற்கு ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய அளவுகோல்கள் வேண்டும். நான் பரிந்துரைப்பவை நான்கு: அவரோடு நேரடியாகப் பேசியாயிற்றா, தமக்கோ குடும்பத்துக்கோ வாங்குகிறாரா, நாம் சொன்ன விலையைக் கேட்ட பின்னும் பேச்சைத் தொடர்ந்தாரா, ஆறு மாதத்துக்குள் வாங்கும் எண்ணமும், அதற்குக் கையிருப்பு, வங்கிக் கடன், வருங்கால வைப்புநிதி, சீட்டுப் பணம் என்று ஏதாவது ஒரு வழியும் சொன்னாரா. நான்கும் ஆம் என்றால் மட்டுமே தகுதி. தகுதி இல்லை என்றால் காரணத்தையும் குறிக்க வேண்டும்: எடுக்கவில்லை, வாடகை, தரகர், விலை பொருந்தவில்லை, இடம் பொருந்தவில்லை, இப்போதைக்கு இல்லை.

கேள்விகளை விசாரணை அதிகாரிபோல அடுக்க வேண்டியதில்லை. “வணக்கம் சார், காட்பாடி மனை பார்த்தீங்களே, வீடு கட்டவா இல்ல வாங்கிப் போடவா?” என்று தொடங்கினாலே பாதி விடைகள் தாமாக வந்துவிடும்.

“எடுக்கவில்லை” என்ற காரணத்தைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். காலையில் வந்த விசாரணைக்கு மறுநாள் மாலை அழைத்தால், அதற்குள் அவர் வேறு மனைப்பிரிவில் பேசி முடித்திருப்பார். அந்தத் தாமதம் தேடுசொல்லின் குற்றமாகப் பதிவாகிவிடும். பதிவேட்டில் விசாரணை வந்த நேரம், முதல் அழைப்பு நேரம் ஆகிய இரண்டையும் எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தவர்களையும் மறுநாள் அழைத்தவர்களையும் பிரித்துப் பாருங்கள். முதல் குழுவில் தகுதியானவர்கள் கணிசமாக அதிகம் என்றால், திருத்த வேண்டியது விளம்பரத்தை அல்ல, அழைக்கும் முறையை.

இன்னொரு கோணலும் உண்டு. தகுதியானவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு விற்பனையாளரை மதிப்பிடுகிறோம் என்று தெரிந்தால், வந்தவர் எல்லாரும் தகுதியானவர்களாகிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு விற்பனையாளரும் தகுதி என்று குறித்தவர்களில் எத்தனை பேர் இடம் பார்க்க வந்தார்கள் என்ற விகிதத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் அது பாதியாகக் குறைந்திருந்தால், அவர் குறித்த எண்களில் சிலவற்றுக்கு மேலாளரே மறுபடி பேசிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பதிவேட்டில் வருகிறவற்றை அந்த இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் 60,000 ரூபாய் செலவில் 200 விசாரணைகள் வந்தன. அவற்றில் 80 தகுதியானவை. 24 பேர் இடம் பார்த்தார்கள், 6 பேர் முன்பணம் கொடுத்தார்கள், 4 பேர் கிரயம் செய்தார்கள்.

செலவில் 24,000 ரூபாய் வேலூரில் மனை விற்பனை என்ற பொதுவான தேடல்களுக்குப் போனது. அவை 120 விசாரணைகளைத் தந்தன. ஒன்றுக்கு 200 ரூபாய். மீதி 36,000 ரூபாய், காட்பாடியில் டிடிசிபி ஒப்புதல் பெற்ற மனை என்ற வகைத் தேடல்களுக்குப் போய் 80 விசாரணைகளைத் தந்தது. ஒன்றுக்கு 450 ரூபாய். விசாரணைச் செலவை மட்டும் பார்க்கிறவர் இரண்டாவதை நிறுத்திவிட்டுப் பணம் முழுவதையும் முதலாவதில் போடுவார். தானியங்கி ஏலமுறையும் தன் போக்கில் விடப்பட்டால் அதைத்தான் செய்யும். ஆனால் பொதுவான தேடல்களில் தகுதியானவை 24 மட்டுமே, ஒன்றுக்கு 1,000 ரூபாய் ஆகிறது. டிடிசிபி தேடல்களில் 56, ஒன்றுக்கு ஏறத்தாழ 643 ரூபாய். இடம் பார்த்தவர்கள் முதலாவதில் 4 பேர், இரண்டாவதில் 20 பேர். ஒருவருக்கு ஆன செலவு முறையே 6,000 ரூபாயும் 1,800 ரூபாயும். வரிசை தலைகீழாகிவிட்டது.

கிரயத்தை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டாம். நான்கே கிரயங்களில் ஒன்று இடம் மாறினாலும் முடிவு மாறிவிடும்.

இனி எந்தப் படிநிலையை இலக்காக வைப்பது என்பது எளிதாகிவிடுகிறது. முன்பணம் மாதத்துக்கு இரண்டு, இடம் பார்த்தல் எட்டு, தகுதியான விசாரணை ஏறத்தாழ 27. மாதத்துக்கு இருபதுக்குக் குறைவாக நிகழும் ஒன்றை ஏலமுறையின் ஒரே இலக்காக வைக்க நான் துணிய மாட்டேன். ஆகவே தகுதியான விசாரணையை `Primary` ஆகவும் மற்ற மூன்றையும் `Secondary` ஆகவும் வைக்க வேண்டும். பின்னவை அறிக்கையில் தெரியும், ஏலத்தைப் பாதிக்க மாட்டா. ஒரு தகுதியான விசாரணைக்கான இலக்குச் செலவை, இதுவரை ஆன 750 ரூபாயிலேயே தொடங்குங்கள். ஆசைப்பட்டு 400 என்று போட்டால் விளம்பரமே காட்டப்படாமல் போகும்.

தொடங்கும் நாளில் இந்த வரலாறு எதுவும் உங்களிடம் இருக்காது. அதனால் முதல் ஆறு முதல் எட்டு வாரங்கள் விசாரணையையே முதன்மை இலக்காக வைத்து, தகுதியானவற்றை அனுப்பிக்கொண்டே இருந்து, எண்ணிக்கை சேர்ந்த பிறகு மாற்றுங்கள். மாற்றிய பின் இரண்டு வாரங்களுக்கு வேறு எதையும் தொடாதீர்கள்.

பின்னாளில் மதிப்பு அடிப்படையிலான ஏலத்துக்குப் போக விரும்பினால், ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு கிரயத்தில் செலவெல்லாம் போக ஒரு லட்சம் ரூபாய் மிஞ்சுவதாகக் கொள்வோம். 80 தகுதியான விசாரணைகளில் 4 கிரயம் என்றால் ஒன்றின் மதிப்பு 5,000 ரூபாய். 24 பேர் இடம் பார்த்ததில் 4 என்றால் ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ 16,700 ரூபாய். இரண்டையும் முழுமையாக அனுப்பினால், இடம் பார்க்க வந்த ஒரே ஆளுக்கு 21,700 ரூபாய் என்று கூகுள் கூட்டிக்கொள்ளும். எனவே இடம் பார்த்தல் என்ற படிநிலைக்குக் கூடுதலாகச் சேர்ந்த 11,700 ரூபாயை மட்டுமே அனுப்ப வேண்டும்.

திருப்பி அனுப்புதல்

வாரம் ஒருமுறையாவது, முடிந்தால் நாள்தோறும், பதிவேட்டிலிருந்து புதிதாகத் தகுதி பெற்றவற்றைக் கூகுள் கணக்கில் ஏற்றுங்கள். கோப்பு இப்படி இருக்கும்.

```
Parameters:TimeZone=Asia/Kolkata
Google Click ID,Conversion Name,Conversion Time,Conversion Value,Conversion Currency
EXAMPLE_Gclid_1,Qualified_Lead,2025-06-14 11:20:00,5000,INR
```

கன்வெர்ஷனின் பெயர் கணக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். `gclid`-இல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதால் அதைக் கையால் தட்டச்சிடக் கூடாது. எக்செல் தேதியின் வடிவத்தைத் தானாக மாற்றிவிடும் பழக்கமுடையது. ஏற்றும் முன் தேதி நெடுவரிசையைக் கண்ணால் பாருங்கள். ஏற்றிய பிறகு எத்தனை வரிகள் ஏற்கப்பட்டன, எத்தனை தள்ளப்பட்டன என்று வரும் முடிவைப் படியுங்கள்.

ஆடி மாதமும் 90 நாள் வரம்பும்

ஜூன் 1 அன்று கிளிக் செய்தவர் இரண்டு வாரத்தில் இடம் பார்த்து, ஜூன் 28 அன்று முன்பணம் கொடுக்கிறார். கடன் தாள்கள் கைக்கு வரும்போது ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் கிரயம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, ஆவணியில் ஒரு முகூர்த்தம் பார்த்து செப்டம்பர் 4 அன்று பதிவு செய்கிறார். கிளிக்கிலிருந்து அது 95 நாள். கூகுள் அதை ஏற்காது. மார்கழியிலும் இதே சிக்கல் வரும். அதனால் நம் ஊரில் கூகுளுக்கு அனுப்பும் கடைசிப் படிநிலையாக முன்பணத்தையே வைத்துக்கொண்டு, கிரயத்தைப் பதிவேட்டில் மட்டும் தேடுசொல்லோடு சேர்த்து எழுதி வையுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை படிநிலை மதிப்புகளைச் சரிபார்க்க அது போதும்.

அறிக்கையைப் படிக்கும்போதும் இந்தத் தாமதத்தை நினைவில் வைக்க வேண்டும். ஜூன் 15 அன்று இடம் பார்த்தவரை, அவர் கிளிக் செய்த ஜூன் 1 என்ற நாளின் கணக்கில்தான் கூகுள் சேர்க்கும். எனவே கடைசி இரண்டு மூன்று வாரங்கள் எப்போதுமே மோசமாகத் தெரியும். அந்த வாரங்களை மட்டும் பார்த்து ஒரு தேடுசொல்லை நிறுத்துவது, நாற்று நட்ட வாரத்திலேயே விளைச்சலைக் கேட்பது போன்றது. ஒரு மாதத்துக்கு முந்தைய நாள்களையே ஒப்பிடுங்கள். ஆடியில் முன்பணமும் கிரயமும் குறைவதைக் கண்டு இலக்குச் செலவைக் குறைத்துவிட்டால், ஆவணியில் கிரயம் செய்ய நினைத்து ஆடியிலேயே தேடிக்கொண்டிருப்பவர்களை இழந்துவிடுவீர்கள்.

கல்விக் கடனுக்கு இதையே பயன்படுத்தினால்

அமைப்பு மாறாது, சோதனைக் கேள்விகள் மாறும். அங்கே தகுதி என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் மற்றவற்றைவிடக் கனமானவை: சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கிறதா, இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டிய தந்தையோ தாயோ பேசினார்களா. மாணவர் மட்டும் பேசிய விசாரணையைத் தகுதியானதாகக் குறிக்க வேண்டாம். அடுத்த படிநிலைகள் ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்தது, கடன் ஒப்புதல், முதல் தவணை வழங்கல். பருவக் கட்டணத்துக்கு ஏற்பப் பணம் தவணைகளாக வழங்கப்படுவதால், ஒவ்வொரு தவணையையும் புதிய கன்வெர்ஷனாக அனுப்பக் கூடாது. முதலாவது மட்டும் போதும். சேர்க்கைக் காலம் முடிந்ததும் எண்ணிக்கை திடீரென்று சரியும் என்பதால், அந்தச் சரிவு வரும் முன்பே நாள் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.